அம்மா அப்பாவின் 40ஆவது திருமண நாள் வீடியோ: படத்தை விட்டுவிட்டு முதலில் குரலை அடுக்குங்கள்

கேள்வி: "வாற மாதம் அம்மா அப்பாவுக்கு 40ஆவது திருமண நாள். திருகோணமலையில் வீட்டிலேயே சின்னதாகச் செய்கிறோம். 200க்கு மேல் பழைய படங்கள் இருக்கு, சொந்தக்காரர் வட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறார்கள், அம்மம்மா கதைத்த ஒரு கசெற்றும் இருக்கு. கனடாவில் இருக்கிற அண்ணா சொல்லாமல் வருகிறார், அவரைக் கடைசியில் காட்ட வேண்டும். பாட்டுப் போட்டுப் படங்களை அடுக்கிப் பார்த்தேன், என்னவோ உயிரில்லை. எங்கே பிழை விடுகிறேன்?"

தங்கச்சி, உங்கள் பிழை படத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. நான் திருகோணமலையில் கலியாண வீடு, சாமத்திய வீடு, அறுபதாம் கலியாணம் என்று 17 வருடமாக வீடியோ வெட்டி ஒட்டுகிறவன். முதல் நாலைந்து வருடம் நானும் உங்களைப் போலத்தான் செய்தேன்: ஒரு பாட்டை எடுத்து, அதன் நீளத்துக்குப் படங்களைப் பிரித்து, இடையிடையே குரல்களைச் செருகுவது. அப்படிச் செய்தால் பார்ப்பவர்கள் பாட்டைத்தான் கேட்பார்கள். படம் சுவரில் தொங்கும் கலண்டர் மாதிரி மாறிக்கொண்டிருக்கும், குரல் வரும்போது பாட்டுக்கு இடைஞ்சல் மாதிரி இருக்கும். இப்போது நான் திரையில் ஒரு படம்கூட வைக்காமல், முதலில் குரல்களை மட்டும் வரிசைப்படுத்திக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். அது தனியாகவே ஒரு வானொலி நிகழ்ச்சி போல நின்றால்தான் படத்துக்குப் போவேன்.

அதற்குக் குரல் சரியாக வந்திருக்க வேண்டும். சொந்தக்காரரிடம் "வாழ்த்துச் சொல்லி அனுப்புங்கோ" என்று கேட்டால் பன்னிரண்டு பேரும் "நீண்ட ஆயுளோடும் சுகத்தோடும் வாழ வாழ்த்துகிறோம்" என்றே அனுப்புவார்கள். அவர்கள் மேல் பிழை இல்லை, கேட்டது அதுதான். ஒவ்வொருவரிடமும் அவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். மாமாவிடம் "அப்பாவை முதல் முதல் எங்கே பார்த்தீர்கள், என்ன நினைத்தீர்கள்?" என்று கேளுங்கள். பெரியம்மாவிடம் "கலியாணத்துக்கு முதல் நாள் இரவு அம்மா என்ன கதைத்தா?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு கேள்வி கேட்கலாம், அவர்கள் சொல்வதுதான் பல வேளை எல்லோரையும் சிரிக்க வைக்கும். பதிவு செய்யும்போது ஃபானை நிறுத்தி, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பட்டனை அழுத்தியபின் இரண்டு விநாடி பேசாமல் இருந்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு விநாடி அமைதி இல்லாவிட்டால் முதல் சொல் பாதியில் வெட்டுப்படும், நீங்கள் எதுவும் செய்ய முடியாது.

வட்ஸ்அப்பில் மைக்கை அழுத்திப் பேசுவது குரலை மிகவும் ஒடுக்கித்தான் அனுப்பும். விளங்கும், ஆனால் பெரிய ஸ்பீக்கரில் தகரம் மாதிரிக் கேட்கும். முடிந்தவர்கள் போனில் இருக்கிற ரெக்கோர்டரில் பேசி, அந்தக் கோப்பை டொக்கியுமென்ட் ஆக அனுப்பட்டும். வயதானவர்களை இதற்காக அலைக்கழிக்க வேண்டாம், அவர்கள் வட்ஸ்அப்பிலேயே பேசட்டும். படங்களுக்கும் இதுதான். சாதாரணமாக அனுப்பினால் வட்ஸ்அப் படத்தின் நீளப் பக்கத்தைச் சுமார் 1600 பிக்ஸலுக்குக் குறைத்துவிடும், டொக்கியுமென்ட் ஆக அனுப்பினால் அப்படியே வரும். ரொறன்ரோவுக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிரில் பத்தரை மணி வித்தியாசம். வேலைக்குப் போகிறவர்களை அவர்களுடைய ஞாயிறு காலையில் கேட்டால் அவசரமில்லாத குரல் கிடைக்கும்.

வட்ஸ்அப் குரல்கள் பெரும்பாலும் .opus என்று முடியும் கோப்பாக இருக்கும். சில எடிட்டிங் செயலிகள் அதைத் திறக்காது. தவிர ஒருவர் கத்துவார், ஒருவர் முணுமுணுப்பார். கணினியில் ffmpeg என்ற இலவசக் கருவி இருந்தால், mama என்ற இடத்தில் உங்கள் கோப்பின் பெயரைப் போட்டு ஓடவிடும் இந்த ஒரு வரி இரண்டு வேலையையும் முடிக்கும்: கோப்பை எல்லாச் செயலிகளும் எடுக்கும் வடிவத்துக்கு மாற்றும், சத்தத்தையும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும்.

```
ffmpeg -i mama.opus -af loudnorm=I=-16:TP=-1.5 -ar 48000 mama.wav
```

கணினி இல்லாவிட்டால் போனிலேயே ஒவ்வொரு குரலின் சத்தத்தையும் காதால் கேட்டுச் சரிசெய்யலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். பின்னணிக்குச் சொல் இல்லாத வாத்திய இசை மட்டும் போடுங்கள். பாட்டில் சொல் இருந்தால் அது மாமாவின் சொல்லோடு சண்டை பிடிக்கும். குரல் ஓடும்போது இசை இருப்பதே கவனத்துக்கு வரக்கூடாது, வந்தால் சத்தம் கூட என்று அர்த்தம்.

இனி அந்தக் கசெற். உங்களிடம் இருப்பதிலேயே பெறுமதியானது அதுதான், அதனால் அவசரப்பட்டு எந்த ரேப் ரெக்கோர்டரிலும் போட்டுவிடாதீர்கள். முதலில் கசெற்றின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள், அதன்பின் யாரும் தவறிப்போய் அதன் மேல் பதிய முடியாது. நாடா வெளியே தெரியும் பக்கத்தின் நடுவில் ஒரு சிறிய பஞ்சுத் துண்டு இருக்கும். பழைய கசெற்றில் பசை காய்ந்து அது விழுந்திருந்தால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கலாக இருக்கும். அப்படியென்றால் நாடா பழுதாகவில்லை, பஞ்சுதான் இல்லை, வேறொரு கசெற்றின் கூட்டுக்குள் நாடாவை மாற்றினால் சரியாகும். நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அது பூஞ்சணம், நம் கடற்கரைக் காற்றுக்குச் சர்வசாதாரணம். அதை நீங்கள் ஓடவிட வேண்டாம், இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். நான் அப்படிப்பட்டதைத் தொடுவதில்லை.

நாடா சுத்தமாக இருந்தால், தேவையில்லாத ஒரு கசெற்றை முதலில் அந்த மெஷினில் ஓடவிட்டு அது நாடாவைத் தின்னவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மெஷினின் இயர்ஃபோன் துளையிலிருந்து ஒரு வயரை லப்டொப்புக்கு எடுத்து, அடாசிட்டி என்ற இலவசச் செயலியில் பதியுங்கள். புதிய லப்டொப்புகளில் ஒரே துளைதான் இருக்கும், அதற்கு யுஎஸ்பியில் செருகும் சிறிய சவுண்ட் கார்ட் வேண்டும். ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் ஒரேயடியாகப் பதியுங்கள். 60 நிமிடக் கசெற் என்றால் பக்கத்துக்கு அரை மணி. முன்னும் பின்னும் ஓட்டித் தேடவேண்டாம், அதில்தான் பழைய நாடா அறும். தேடுவதெல்லாம் கணினிக்குள் வந்த பிறகு. இரைச்சலைக் குறைக்க, பேச்சில்லாத இரண்டு விநாடியைத் தெரிவு செய்து அடாசிட்டிக்கு இரைச்சல் எது என்று காட்டிவிட்டு, 6 டெசிபல் அளவுக்கு மட்டும் குறையுங்கள். இரைச்சல் முழுவதும் போகவேண்டும் என்று கூட்டினால் அம்மம்மா தண்ணீருக்குள் இருந்து கதைப்பது போல ஆகிவிடும். கொஞ்சம் இரைந்தால் இரையட்டும்.

இன்னொரு விஷயம். பழைய மெஷினின் ரப்பர் பட்டி தளர்ந்திருந்தால் நாடா மெதுவாக ஓடும், குரல் தடித்துக் கேட்கும். அம்மம்மாவின் குரலை நீங்கள் சின்ன வயதில் கேட்டது, உங்கள் நினைவை நம்பவேண்டாம். அம்மாவிடம் கேட்கவும் முடியாது, ரகசியம் போய்விடும். பெரியம்மாவுக்கு ஒரு நிமிடத்தை அனுப்பி, "இதுதானா அம்மம்மாவின் குரல், தடிச்சிருக்கா?" என்று கேளுங்கள். அவர் தடிப்பு என்றால் வேகத்தை நூற்றுக்கு இரண்டு மூன்று கூட்டித் திரும்ப அனுப்புங்கள்.

பெரியம்மாவிடம் கேட்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரு வீட்டில் இறந்துபோன தாயின் குரலை நான் முன்னறிவிப்பு இல்லாமல் வீடியோவின் நடுவில் வைத்தேன். அந்த வீட்டு அம்மா, இறந்தவரின் மகள், எழுந்து அறைக்குள் போய்விட்டார். மிச்ச வீடியோவை அவர் பார்க்கவே இல்லை, யாருக்காக எடுத்ததோ அவர் இல்லாமல் அது ஓடி முடிந்தது. இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான். அதன்பின் இறந்தவர் குரல் என்றால் வீட்டில் ஒருவரையாவது கேட்காமல் நான் வைப்பதில்லை. வைத்தாலும், முதலில் அவருடைய படத்தை நாலைந்து விநாடி பேசாமல் காட்டிவிட்டுத்தான் குரலை விடுவேன். அழுகை வரும், வரட்டும், ஆனால் இடி மாதிரி வரக்கூடாது. எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்று சொல்லமாட்டேன், சிலர் அந்தக் குரலுக்காகவே திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். உங்கள் அம்மா எப்படி என்று பெரியம்மாவுக்குத்தான் தெரியும்.

படங்களுக்கு வருவோம். அல்பத்திலிருந்து போனில் நேரே எடுத்தால் மேலே வெளிச்சம் தெறித்து விழும். ஸ்கானர் கிடைத்தால் போஸ்ட்கார்ட் அளவுப் படத்தை 600 டிபிஐயில் எடுங்கள், கிட்டத்தட்ட 2100க்கு 3000 பிக்ஸல் வரும், ஒரு முகத்துக்குக் கிட்டப் போகவும் போதும். ஸ்கானர் இல்லாவிட்டால் காலை ஒன்பது மணிபோல விறாந்தையில், நேர் வெயில் படாத இடத்தில் படத்தைத் தரையில் வைத்து, போனைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். எண்பதுகளின் படங்கள் பல தேன்கூடு மாதிரிப் பொரிப் பொரியான தாளில் அச்சிட்டவை. ஸ்கானரில் அந்தப் பொரிகள் மினுங்கும், விறாந்தை வெளிச்சத்தில்தான் அவை அடங்கும். பசை அல்பத்தில் ஒட்டிப்போன படத்தையும், ஃபிரேமின் கண்ணாடியோடு ஒட்டிய படத்தையும் உரிக்கவே வேண்டாம், முகம் கண்ணாடியோடு போய்விடும். இருந்தபடியே எடுங்கள், உங்கள் நிழலுருவம் கண்ணாடியில் விழாமல் போனுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லுங்கள். சிவந்து மங்கிய கலர்ப் படங்களில் சிவப்பைக் கொஞ்சம் குறைத்தால் போதும், புதுப் படம் மாதிரி ஆக்கப்போனால் முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும்.

நம் ஊரில் பல வீட்டுக்கு இன்னொரு இல்லாமை இருக்கிறது. 83, 85, 90 என்று ஓடி ஓடி, மிஞ்சியதைக் கடல் 2004 டிசம்பர் 26இல் கொண்டுபோனது. 200 படம் இருக்கு என்கிறீர்கள், ஆனால் எண்ணிப் பாருங்கள், கலியாணத்தின் முதல் பத்து வருடத்துக்கு எத்தனை? அந்த இடைவெளியை நிரப்ப உங்கள் வீட்டில் தேடாதீர்கள், வெளியில் தேடுங்கள். அந்தக் காலத்தில் லண்டனுக்கும் ஜெர்மனிக்கும் தபாலில் அனுப்பிய கலியாணப் படங்கள் அங்கே பத்திரமாக இருக்கும். மற்றவர்களின் சாமத்திய வீட்டு அல்பங்களில் உங்கள் அப்பா ஒரு மூலையில் பந்தி பரிமாறிக்கொண்டு நிற்பார். இறந்தவர் நினைவாக 31ஆம் நாளுக்கு அச்சிடும் கல்வெட்டுப் புத்தகங்களிலும் பாருங்கள், வேறெங்கும் இல்லாத தாத்தா படங்கள் அவற்றில்தான் மிஞ்சியிருக்கும். அச்சுப் புத்தகத்தை ஸ்கான் செய்யும்போது புள்ளிகள் சேர்ந்து அலையலையாகத் தெரியும், ஸ்கானரில் Descreen என்று ஒன்று இருந்தால் அதைப் போட்டால் அடங்கும்.

எத்தனை படம் வேண்டும் என்பதை ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன். உப்புவெளியில் ஒரு வீட்டுக்குச் செய்தது, அவர்களும் 200க்கு மேல் தந்தார்கள். வீடியோ 6 நிமிடம் 40 விநாடி, அதாவது 400 விநாடி. ஒன்பது குரல், ஒவ்வொன்றும் 22 விநாடி அளவில் வெட்டியது, ஏறக்குறைய 200 விநாடி. ஒவ்வொரு குரலுக்கும் பிறகு எட்டு விநாடி வெறும் இசை, மொத்தம் 70 சொச்சம். கசெற் குரல் 25, தொடக்கம் 30, முடிவுக்கு 70 விநாடி. இதற்குள் போனது 46 படம்தான். மிச்சத்தை ஒரு பென்ட்ரைவில் தனியாகப் போட்டுக் கொடுத்தோம், யாருக்கும் மனக்குறை இல்லை. ஒரு படத்துக்கு இரண்டு விநாடி கொடுத்தால் வயதானவர்கள் "இது ஆர்?" என்று கேட்பதற்குள் அது போய்விடும். ஒரு முகத்துக்கு ஐந்து ஆறு விநாடி, பத்துப் பேர் நிற்கும் குடும்பப் படத்துக்குப் பத்து விநாடிகூடக் கொடுக்கலாம், ஏனென்றால் கண் ஒவ்வொரு முகமாகத் தேடும்.

அந்த வீட்டில் அம்மாவின் தம்பி சொன்ன கதை இது: "அத்தான் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு உவர்மலை ஏற்றத்தில் மிதிப்பார், மூச்சு வாங்கும், இறங்கச் சொல்லவே மாட்டார்." அவர்களிடம் சைக்கிள் படம் ஒன்றும் இல்லை. இணையத்தில் ஒரு சைக்கிள் படம் எடுத்துப் போடலாம் என்று மகன் சொன்னார், நான் மறுத்தேன். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் எடுத்த ஒரு குடும்பப் படத்தில் அந்தத் தம்பி எட்டு வயதுப் பொடியனாக அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அத்தான்" என்ற சொல் வரும்போது அந்த இளம் முகத்தில் தொடங்கி, "இறங்கச் சொல்லவே மாட்டார்" என்று முடியும்போது மெதுவாகக் கீழே வந்து பிடித்திருந்த கைகளில் நிறுத்தினேன். குரல் எதைச் சொல்கிறதோ அந்தப் பொருளையே படம் காட்டவேண்டும் என்றில்லை, யாரைப் பற்றிச் சொல்கிறதோ அவர் இருந்தால் போதும். இப்படி ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் படத்தை அசையுங்கள். செயலி தருகிறதே என்று எல்லாப் படத்தையும் உள்ளே வெளியே இழுத்தால் தலைதான் சுற்றும்.

கடைசிக் காட்சி. அண்ணா வருவதை வீடியோவுக்குப் பிறகு நடக்கும் ஒரு தனி நிகழ்ச்சியாக வைக்காதீர்கள், வீடியோவுக்குள்ளிருந்தே அவர் நடந்து வரவேண்டும். அவருடைய குரலைக் கட்டாயம் வையுங்கள், இல்லாவிட்டால் "ஏன் இவன் மட்டும் ஒன்றும் அனுப்பேல்லை" என்று அம்மா மனதுக்குள் நோவார், அல்லது சந்தேகப்படுவார். அதை எல்லோருக்கும் கடைசியாக வையுங்கள். உப்புவெளி வீட்டில் மகன் பேசியது 30 விநாடி, கடைசி வரி "வேலை முடிந்து வந்து நிற்கிறேன் அம்மா, சாப்பிட என்ன இருக்கு?" அவர் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தால் வந்ததும் வாசலில் நின்று கேட்கிற அதே கேள்வி. பதிவை "அம்மா" என்ற சொல்லோடு வெட்டிவிட்டேன். திரையில் அவர்கள் வீட்டு வாசலின் பழைய படம் அசையாமல் நின்றது, இசையும் நின்றது. மூன்று விநாடி கழித்து மிச்சக் கேள்வியை அவர் உண்மையான வாசலில் நின்று கேட்டார். திரைக்கு அடுத்த கதவால்தான் வந்தார். பின்னால் இருந்து வந்தால் எல்லோரும் திரும்பி எழும்புவார்கள், அம்மாவுக்கு முதுகுகள்தான் தெரியும்.

இதைச் சரியாகச் செய்ய ஒரு முறையாவது ஒத்திகை வேண்டும். அம்மா அப்பா கோயிலுக்குப் போகிற நேரம் பாருங்கள். அண்ணா இல்லாவிட்டால் வேறொருவர் கதவில் நிற்கட்டும், "அம்மா" என்ற சொல் அங்கே கேட்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். ரிவியின் சொந்த ஸ்பீக்கர் பத்துப் பேருக்குமேல் இருந்தால் போதாது, ஒரு ஸ்பீக்கர் பொக்ஸ் கொழுவுங்கள். அந்த வாசல் படத்தை வீடியோவின் முடிவில் மூன்று நிமிடமாவது நீட்டி வையுங்கள். இல்லாவிட்டால் அம்மா அழுதுகொண்டிருக்கும்போது ரிவியில் மெனு வந்து நிற்கும், அல்லது அடுத்த வீடியோ தானாக ஓடத் தொடங்கும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருதயப் பிரச்சினை, பிரஷர் இருந்தால் இந்தத் திடீர் வருகையே வேண்டாமா என்பதை அவர்களைப் பார்க்கிற டொக்டரிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை. நான் செய்வது, இருவரையும் கைப்பிடி உள்ள கதிரையில் இருத்தி, பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவரை இருக்கச் சொல்வது.

இன்னும் ஒன்று, இதைத்தான் அநேகமாக எல்லோரும் மறக்கிறார்கள். அண்ணா உள்ளே வரும்போது எல்லாப் போனும் அவரைத்தான் பிடிக்கும். ஒரு போனை வீடியோ தொடங்குவதற்கு முன்பே ரிவிக்குப் பக்கத்தில் அலுமாரி மேல் வைத்து, அம்மா அப்பாவின் முகத்தை நோக்கி ஓடவிட்டுவிடுங்கள். ஏழு நிமிட வீடியோவுக்கு இருபது நிமிடம் பதிய இடமும் சார்ஜும் இருக்கிறதா என்று காலையிலேயே பாருங்கள், அழைப்பு வந்து பதிவு நிற்காமல் இருக்க ஃபிளைட் மோடில் போடுங்கள்.